இரண்டு கட்ட ஈவுத்தொகைக் கணக்கில் ஒளிந்திருக்கும் 8 சதவீதம்

கேள்வி: ஐயா, வணக்கம். நான் நங்கநல்லூரில் வசிக்கும் ஓய்வு பெற்ற ஊழியன். அம்பத்தூரில் ஆலை வைத்திருக்கும் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தின் பங்குகள் என்னிடம் இருக்கின்றன. சென்ற நிதியாண்டில் பங்கு ஒன்றுக்கு லாபம் ரூ.40, ஈவுத்தொகை ரூ.10. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் லாபம் ரூ.20, ஈவுத்தொகை ரூ.5. ஏறத்தாழ ஆண்டுக்கு 15% வளர்ச்சி. எனக்கு 13% வருமானமாவது வேண்டும். ஒரே வளர்ச்சி விகிதம் உள்ள சூத்திரத்தில் போட்டால் விடை மைனஸில் வருகிறது. எனவே முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 15%, அதன் பிறகு எப்போதும் 6% என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தேன், ரூ.199 வந்தது. சந்தையில் விலை ரூ.430. எல்லாப் பங்குகளையும் விற்றுவிடலாமா? கணக்குத் தாளை இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகர், சென்னை

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம். 199 ரூபாய் என்ற விடையை நம்பி ஒரு பங்கைக்கூட விற்க வேண்டாம். உங்கள் தாளை வரி வரியாகப் பார்த்தேன். நீங்கள் எடுத்துக்கொண்ட வளர்ச்சி விகிதங்களும் எதிர்பார்க்கும் வருமானமும் நியாயமானவையே. பிழை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று சிறியது, விடையைப் பத்தொன்பது ரூபாய் குறைத்திருக்கிறது. மற்றொன்று பெரியது, இந்த முறையைப் பயன்படுத்துகிறவர்களில் பலர், தொழில்முறையாகச் செய்கிறவர்கள் உட்பட, கவனிக்காமல் கடந்துபோவது. அதைத் திருத்தினால் விடை இரு மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

முதலில் மைனஸ் விடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு ஈவுத்தொகையை, வருமான விகிதத்துக்கும் வளர்ச்சி விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்கும் அந்தச் சூத்திரத்தை கார்டன் மாதிரி என்பார்கள். மைரன் கார்டனும் எலி ஷாபிரோவும் 1956-இல் எழுதிய கட்டுரையின் வழியாகப் பரவியது. முடிவில்லாமல் நீளும் ஒரு பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகைதான் அது. வளர்ச்சி, வருமான விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே அந்தத் தொடர் ஒரு எண்ணில் போய் நிற்கும். 15% வளர்ச்சியை 13% விகிதத்தில் தள்ளுபடி செய்தால், அதாவது வருங்காலப் பணத்தை அந்த விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால், ஒவ்வொரு ஆண்டின் தற்போதைய மதிப்பும் முந்தைய ஆண்டைவிடக் கூடிக்கொண்டே போகும், கூட்டுத்தொகைக்கு எல்லையே இருக்காது. ஆகவே மைனஸ் விடைக்குப் பங்கு மதிப்பற்றது என்று பொருள் இல்லை. அந்த இடத்தில் அந்தச் சூத்திரம் செல்லாது என்பதே பொருள். ஐந்து ஆண்டுகளோடு முடிந்துவிடும் கட்டத்தில் வளர்ச்சி வருமான விகிதத்தைத் தாண்டுவதில் எந்தத் தடையும் இல்லை, ஏனென்றால் அங்கே ஐந்து எண்களைத்தான் கூட்டுகிறோம். இரண்டு கட்டங்களாகப் பிரித்த உங்கள் முடிவு சரியானதே.

உங்கள் முதல் கட்டக் கணக்கிலும் குறை இல்லை. ஈவுத்தொகை 11.50, 13.23, 15.21, 17.49, 20.11 என்று ஐந்து ஆண்டுகளில் உயர்கிறது. இவற்றை 13 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 10.18, 10.36, 10.54, 10.73, 10.92 என்று வரும், மொத்தம் ரூ.52.72. இனி நான் செய்யும் கணக்கு எதிலும், ஐந்து ஆண்டையும் 13 சதவீதத்தையும் மாற்றாத வரையில், இந்த 52.72 அப்படியே நிற்கும்.

இரண்டு கட்டங்களையும் சேர்த்த சூத்திரத்தை இப்படி எழுதலாம்:

```
P0 = D1/(1+r) + ... + D5/(1+r)^5 + [D6/(r-g)]/(1+r)^5
```

இதில் P0 பங்கின் இன்றைய மதிப்பு, D1 முதல் D6 வரை அந்தந்த ஆண்டின் ஈவுத்தொகை, r நீங்கள் எதிர்பார்க்கும் வருமான விகிதம், g இரண்டாம் கட்ட வளர்ச்சி விகிதம். சதுர அடைப்புக்குள் இருப்பது இறுதி மதிப்பு. ஆறாம் ஆண்டு ஈவுத்தொகையை வைத்துக் கணக்கிட்டாலும் அது ஐந்தாம் ஆண்டின் முடிவில் உள்ள மதிப்பு, ஏனென்றால் கார்டன் சூத்திரம் எப்போதும் முதல் ஈவுத்தொகை கைக்கு வருவதற்கு ஓர் ஆண்டு முந்தைய மதிப்பையே தருகிறது. நீங்கள் இறுதி மதிப்பை ஆறாம் ஆண்டுப் பத்தியில் வைத்துவிட்டு `NPV` என்று போட்டிருக்கிறீர்கள். எக்செல் அதை ஆறு ஆண்டுகளுக்குத் தள்ளுபடி செய்துவிட்டது. ஐந்தாம் ஆண்டுப் பத்தியில், 20.11 ரூபாயோடு சேர்த்து வைத்திருந்தால் விடை 199 அல்ல, 218 ஆகியிருக்கும். இது சிறிய பிழை. எந்தத் தாளிலும் இதைக் கண்டுபிடிக்க, இறுதி மதிப்புக்குப் பயன்பட்ட தள்ளுபடி எண்ணும் முதல் கட்டத்தின் கடைசி ஈவுத்தொகைக்குப் பயன்பட்டதும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். உங்கள் கணக்கில் இரண்டும் 1.8424 ஆக இருக்க வேண்டும்.

இப்போது பெரிய பிழைக்கு வருகிறேன். ஆறாம் ஆண்டு ஈவுத்தொகைக்கு நீங்கள் 20.11 ரூபாயை 6 சதவீதம் உயர்த்தி 21.32 என்று எழுதியிருக்கிறீர்கள். பாடப்புத்தகங்களில் பலவும் இப்படித்தான் காட்டுகின்றன, ஆகவே உங்களைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்த ஒரு பெருக்கலுக்குள் நீங்கள் நினைத்துப் பார்க்காத ஓர் அனுமானம் புகுந்திருக்கிறது. இந்த நிறுவனம் இன்று 40 ரூபாய் லாபத்தில் 10 ரூபாயைக் கொடுத்துவிட்டு 30 ரூபாயை, அதாவது 75 சதவீதத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அந்தப் பணம்தான் புதிய இயந்திரமாகவும் புதிய ஆலைக் கூடமாகவும் மாறி அடுத்த ஆண்டின் கூடுதல் லாபத்தைத் தருகிறது. நிறுத்திவைத்த லாபத்தின் பங்கை, அந்தப் பணம் சம்பாதிக்கும் விகிதத்தால் பெருக்கினால் வருவதுதான் வளர்ச்சி. 75 சதவீதத்தை நிறுத்திவைத்து 15 சதவீதம் வளர்கிறது என்றால், நிறுத்திவைத்த ஒவ்வொரு நூறு ரூபாயும் ஆண்டுக்கு 20 ரூபாய் சம்பாதிக்கிறது என்று பொருள். சந்தையில் ஆர்.ஓ.இ. என்று சொல்லப்படும் பங்குதாரர் மூலதனத்தின் மீதான வருவாய் விகிதத்தைப் புதிதாகப் போடும் பணத்துக்கு மட்டும் பார்த்தால் கிடைப்பது இந்த 20 சதவீதம்.

இதே உறவை உங்கள் இரண்டாம் கட்டத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 21.32 என்று எழுதியபோது, ஆறாம் ஆண்டிலும் அதற்குப் பிறகு எல்லாக் காலத்துக்கும் நிறுவனம் லாபத்தில் 25 சதவீதத்தை மட்டுமே கொடுக்கும், 75 சதவீதத்தை வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டீர்கள். வளர்ச்சியோ 6 சதவீதம்தான். ஆறை 0.75-ஆல் வகுத்தால் 8. அதாவது, 20 சதவீதம் சம்பாதித்துக்கொண்டிருந்த நிறுவனம் ஆறாம் ஆண்டிலிருந்து புதிதாகப் போடும் பணத்தில் 8 சதவீதம்தான் சம்பாதிக்கும். பங்குதாரர்கள் 13 சதவீதம் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அவர்களுக்குப் பணத்தைக் கொடுக்காமல் முக்கால் பங்கை அந்த 8 சதவீத வேலைகளிலேயே முடிவில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கும். உங்கள் 218 ரூபாய் இந்த நிறுவனத்தின் மதிப்பு அல்ல. இப்படி நடத்தப்படும் ஒரு நிறுவனத்தின் மதிப்பு. அப்படிப்பட்ட நிர்வாகங்கள் இல்லாமல் இல்லை, ஆனால் நீங்கள் இதை வேண்டுமென்று அனுமானிக்கவில்லை. சூத்திரம் உங்களுக்காக அனுமானித்துக்கொண்டது.

வளர்ச்சி குறைகிற நிறுவனத்துக்கு அவ்வளவு பணம் தேவைப்படாது என்பதே இயல்பான நிலை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் வாகன ஆலைகள் விரிவடைகிற காலத்தில் உதிரிபாக நிறுவனம் புதிய வரிசைகளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த வேகம் தணிந்த பிறகு பழைய இயந்திரங்களைப் புதுப்பிப்பதுதான் பெரும் செலவு, அதற்குத் தேய்மானமாக ஒதுக்கும் தொகை பெருமளவு போதும். மிஞ்சும் லாபம் ஈவுத்தொகையாக வெளியே வரும். எனவே இரண்டாம் கட்டத்தில் வளர்ச்சியை மாற்றும்போது லாபத்தில் எத்தனை பங்கு கொடுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

அதைச் செய்து பார்ப்போம். ஈவுத்தொகையை நீட்டாமல் லாபத்தை நீட்டுங்கள். 40 ரூபாய் லாபம் 15 சதவீத வளர்ச்சியில் ஐந்தாம் ஆண்டில் ரூ.80.45 ஆகும், ஆறாம் ஆண்டில் 6 சதவீதம் கூடி ரூ.85.28. போட்டி அதிகரித்துப் புதிய பணத்தின் வருவாய் 20-இலிருந்து 15 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத வளர்ச்சிக்கு அப்போது லாபத்தில் 40 சதவீதத்தை வைத்துக்கொண்டால் போதும், 60 சதவீதத்தைக் கொடுக்கலாம். ஆறாம் ஆண்டு ஈவுத்தொகை ரூ.51.17. இதை 13-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசமான 7 சதவீதத்தால் வகுத்தால் இறுதி மதிப்பு ரூ.731, அதன் இன்றைய மதிப்பு ரூ.396.75. முதல் கட்டத்தின் 52.72-ஐச் சேர்த்தால் பங்கின் மதிப்பு ரூ.449. வளர்ச்சி விகிதங்களையோ தள்ளுபடி விகிதத்தையோ நான் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். 15 சதவீதம் என்று நான் குறிப்பிடுவது ஆறாம் ஆண்டுக்குப் பிறகு போடப்படும் புதிய பணத்தின் வருவாய். ஏற்கெனவே இருக்கும் ஆலைகள் பழைய விகிதத்திலேயே சம்பாதித்துக்கொண்டிருக்கும் என்பது இதில் அடக்கம். மொத்த மூலதனத்தின் வருவாயே ஒரே ஆண்டில் 15 சதவீதத்துக்கு இறங்குமானால் அந்த ஆண்டு லாபம் 6 சதவீதம் கூடாது, குறையும். அது வேறு கணக்கு. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அச்சிட்டிருக்கும் ஆர்.ஓ.இ. மொத்த மூலதனத்துக்கானது, ஆகவே அதை அப்படியே எடுத்து இந்த இடத்தில் போடக் கூடாது.

புதிய பணத்தின் வருவாய் 13 சதவீதத்துக்கே இறங்கிவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்பது பயனுள்ளது. அப்போது நிறுவனம் சம்பாதிப்பதும் நீங்கள் கேட்பதும் ஒன்றாகிவிடுகின்றன, வளர்வதால் பங்குதாரருக்கு எந்த லாபமும் இல்லை. ஆறாம் ஆண்டு லாபமான 85.28-ஐ நேரடியாக 13 சதவீதத்தால் வகுத்தாலே இறுதி மதிப்பு கிடைத்துவிடும்; பங்கின் மதிப்பு ரூ.409 வரும். வளர்ச்சி விகிதத்தை எங்கே வைப்பது என்று குழப்பமாக இருப்பவர்களுக்கு இது நல்ல அடித்தளம். நிர்வாகம் பணத்தை வீணாக்காத வரையில், முதல் ஐந்து ஆண்டுகள் நீங்கள் நினைத்தபடி நடந்தால், மதிப்பு இதற்குக் கீழே போகாது. மாறாக 20 சதவீத வருவாய் என்றென்றும் நிலைக்கும் என்று நம்பினால் மதிப்பு ரூ.516 ஆகும். ஆனால் வாகன ஆலைகளுக்குப் பாகம் விற்கும் தொழிலில், வாங்குபவர்கள் ஆண்டுதோறும் விலைக் குறைப்புக் கேட்கும் நிலையில், அந்த நம்பிக்கையை நான் வைக்க மாட்டேன்.

இறுதிக் கட்ட வளர்ச்சியான 6 சதவீதத்தைப் பற்றிப் பலர் மிகவும் கவலைப்படுவார்கள். ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம், அதற்கு மேல் உண்மையான வளர்ச்சி 2 சதவீதம் என்று எடுத்தால் 6 வருகிறது. முடிவில்லாத காலத்துக்கு அது மிதமான எண்தான். அரசின் பத்தாண்டுக் கடன் பத்திரம் தரும் வட்டியைவிட இந்த வளர்ச்சி அதிகமாக இருக்கக் கூடாது என்பதை ஒரு வரம்பாக வைத்துக்கொள்ளலாம். கொடுக்கும் பங்கை வளர்ச்சியோடு இணைத்துவிட்டால் இந்த எண்ணின் ஆட்டம் வெகுவாக அடங்கிவிடுகிறது. புதிய பணத்தின் வருவாய் 15 சதவீதமாக இருக்க, 5 சதவீத வளர்ச்சிக்கு மதிப்பு ரூ.435, 6-க்கு ரூ.449, 7-க்கு ரூ.468. இணைக்காமல் 60 சதவீதத்தையே பிடித்துக்கொண்டு வளர்ச்சியை மட்டும் 7 ஆக்கினால் ரூ.520 வந்துவிடும். செலவே இல்லாமல் வளர்ச்சி வருவதாகக் காட்டும் கணக்கு அது. யாராவது உங்களுக்கு ஒரு பங்கின் மதிப்பைக் காட்டி, இறுதி வளர்ச்சியை ஒரு சதவீதம் மாற்றியதும் மதிப்பு பெரிதாகத் தாவினால், அவர் தாளில் இந்த இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள்.

தள்ளுபடி விகிதத்துக்கு இப்படிப்பட்ட அடக்கம் கிடையாது. 13 சதவீதத்தை 12 ஆக்கினால் அதே 449, 538 ஆகிறது. 14 ஆக்கினால் 384 ஆகிறது. அரசுப் பத்திரத்தின் வட்டி ஏறத்தாழ 7 சதவீதம், பங்கின் அபாயத்துக்காக 6 சதவீதம் என்று நீங்கள் கூட்டியிருப்பது ஏற்கத்தக்கது. ஆனால் அந்த ஆறு ஐந்தா ஏழா என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே 449 என்பதை ஒரு புள்ளியாகப் பார்க்காதீர்கள். ஏறத்தாழ 385 முதல் 540 வரை விரியும் ஒரு பரப்பின் நடுப்பகுதி அது. சந்தை விலையான 430 அந்தப் பரப்புக்குள் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பங்கு மலிவு என்றோ விலை மிஞ்சிவிட்டது என்றோ இந்தக் கணக்கை வைத்துச் சொல்ல முடியாது. விற்பதற்கு வேறு காரணம் உங்களுக்கு இருக்கலாம், மதிப்பு பாதிதான் என்பது காரணமாகாது.

இந்த முறைக்கு உள்ள குறையையும் மறைக்கக் கூடாது. ஐந்தாம் ஆண்டில் 20 ரூபாய் கொடுத்த நிறுவனம் ஆறாம் ஆண்டில் 51 ரூபாய் கொடுக்கும் என்பது நடைமுறையில் நடக்காது. வளர்ச்சியும் ஒரே நாளில் 15-இலிருந்து 6-க்கு விழாது. சில ஆண்டுகளில் படிப்படியாக இறங்கும், கொடுக்கும் பங்கும் படிப்படியாக ஏறும். இடையில் மூன்றாவது கட்டம் ஒன்றைச் சேர்த்து அதைக் காட்டலாம். ஆனால் உங்களுக்கு அது தேவை என்று நான் நினைக்கவில்லை. மதிப்பில் 88 சதவீதம் இறுதி மதிப்பிலிருந்தே வருகிறது என்பதால், இடைக்கட்டத்தைச் செதுக்குவதைவிட அந்த இறுதி மதிப்புக்குள் இருக்கும் அனுமானத்தைச் சரிபார்ப்பதே மேல். உயர் வளர்ச்சி ஐந்துக்குப் பதில் எட்டு ஆண்டுகள் நீடித்தால் மதிப்பு ரூ.505 ஆகும் என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க எண்களையும் ஒருமுறை சரிபாருங்கள். 10 ரூபாய் என்பது ஒரே நிதியாண்டுக்கான இடைக்கால, இறுதி ஈவுத்தொகைகளின் கூட்டாக இருக்க வேண்டும். நிலம் விற்ற பணத்தில் கொடுத்த சிறப்பு ஈவுத்தொகை அதில் கலந்திருக்கக் கூடாது. ஐந்தாண்டுகளுக்குள் போனஸ் பங்கோ பங்குப் பிரிப்போ நடந்திருந்தால் பழைய எண்களை அதற்கேற்பக் குறைத்திருக்க வேண்டும். சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களுக்குள் வரும் நிறுவனங்கள் தங்கள் ஈவுத்தொகைக் கொள்கையை வெளியிட வேண்டும் என்பது செபியின் விதி. உங்கள் நிறுவனம் அதற்குள் வந்தால், வருங்காலத்தில் லாபத்தில் எத்தனை பங்கு கொடுக்க நினைக்கிறார்கள் என்று அந்தக் கொள்கையில் தேடிப் பாருங்கள். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கான வரி உங்கள் கையில்தான் விழுகிறது. நீங்கள் கேட்கும் 13 சதவீதம் வரிக்கு முந்தையது என்றால் மேலே உள்ள கணக்கு அப்படியே பொருந்தும்.

கடைசியாக, இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். விலை 430 என்று எடுத்துக்கொண்டு 52.72-ஐக் கழித்தால் 377.28 மிஞ்சும். அதை 1.8424-ஆல் பெருக்கினால் சந்தை எதிர்பார்க்கும் இறுதி மதிப்பு ரூ.695. அதன் 7 சதவீதம், அதாவது ரூ.48.66, ஆறாம் ஆண்டு ஈவுத்தொகை; லாபமான 85.28-இல் அது 57 சதவீதம். வைத்துக்கொள்வது 43 சதவீதம், வளர்ச்சி 6 சதவீதம் என்றால் புதிய பணத்தின் வருவாய் ஏறத்தாழ 14 சதவீதம். நீங்கள் வைத்திருக்கும் பங்கின் விலைக்குள் இருக்கும் எதிர்பார்ப்பு இதுதான்.

இதை ஆண்டறிக்கைகளோடு ஒப்பிட முடியும். ஐந்து ஆண்டுகளில் பங்கு ஒன்றின் லாபம் 20-இலிருந்து 40 ஆனது, கூடுதல் 20 ரூபாய். கடைசி ஆண்டை விட்டுவிட்டு அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளின் லாபத்தைக் கூட்டி அதிலிருந்து ஈவுத்தொகையைக் கழித்தால் நிறுத்திவைத்த பணம் கிடைக்கும். சீரான வளர்ச்சி என்று கொண்டால் அது பங்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 101 ரூபாய். 101 ரூபாயை வைத்துக்கொண்டு 20 ரூபாய் கூடுதல் லாபம் காட்டியிருக்கிறார்கள், ஏறத்தாழ 20 சதவீதம். உங்களிடம் உள்ள உண்மையான ஆண்டு எண்களைப் போட்டு இதை நீங்களே செய்யுங்கள். ஆண்டுதோறும் அறிக்கை வந்ததும் ஐந்தாண்டுக் காலத்தை ஓர் ஆண்டு முன்னே நகர்த்தி மறுபடியும் செய்யுங்கள். ஒரு மோசமான ஆண்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆனால் இந்த விகிதம் தொடர்ந்து 14-க்குக் கீழே இறங்கியும், நிர்வாகம் ஈவுத்தொகையைக் கூட்டாமல் 75 சதவீதத்தை நிறுத்திவைத்துக்கொண்டே போனால், விலை அப்போதும் இந்த அளவிலேயே இருக்குமானால், அன்று விற்பதைப் பற்றி யோசியுங்கள்.